விவேகானந்தருக்கு இரண்டு பிறந்தநாள்!

சுவாமி விவேகானந்தருக்கு வருஷத்துக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று ஜனவரி 12. அன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி, கல்லூரிகளில் ஊர்வலம், செய்தித்தாளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பிரபலமான படத்துடன் அரசு விளம்பரம். இன்னொன்று எப்போது என்று மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் விசாரித்தால்தான் தெரியும். வருஷா வருஷம் அது மாறும். 2023-ல் ஜனவரி 14. 2024-ல் பிப்ரவரி 2. 2025-ல் ஜனவரி 21. 2026-ல் ஜனவரி 10. மடத்தில் விசேஷ பூஜையும் ஹோமமும் நடப்பது இந்த இரண்டாவது பிறந்தநாளில்தான்.

ஒரே மனிதர், ஒரே பிறப்பு. ஏன் இப்படி? ‘சாமியாருக்குத் திதி, தலைவருக்குத் தேதி’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று பௌஷ மாதத்துக் கிருஷ்ண பட்ச சப்தமி. அதாவது, பௌர்ணமிக்குப் பிறகு வருகிற ஏழாவது திதி. திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம், அவ்வளவுதான். அமாவாசையன்று இரண்டும் ஒன்றாக நிற்கும். அங்கிருந்து சந்திரன் 12 டிகிரி முன்னால் போனால் ஒரு திதி முடிந்தது. முப்பது திதி முடிந்தால் மறுபடி அமாவாசை. இப்படிப் பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354 நாள்தான் வருகிறது. இங்கிலீஷ் வருஷத்துக்கு 11 நாள் குறைச்சல். அதனால் திதிப் பிறந்தநாள் ஒவ்வொரு வருஷமும் பதினொரு நாள், பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்து வந்துவிடும். அப்படியே விட்டால் பனிக்காலத்துப் பண்டிகை கொஞ்ச வருஷத்தில் ஐப்பசி மழைக்குள் போய்விடும் இல்லையா? அதற்காகச் சுமார் இரண்டே முக்கால் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் அதிக மாதம்.

மேலே சொன்ன தேதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 14-லிருந்து 2024 பிப்ரவரி 2 வரை எண்ணினால் 384 நாள். அந்த இடைவெளியில் ஓர் அதிக சிராவண மாதம் வந்துபோனது, அதனால் பதிமூன்று மாதம். அங்கிருந்து 2025 ஜனவரி 21 வரை 354 நாள். அதிலிருந்து 2026 ஜனவரி 10 வரை மறுபடி 354 நாள். கணக்கு கச்சிதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் திதியைத் தெரிந்துகொள்ளக் காலண்டர் வேண்டியதில்லை. மார்கழி பௌர்ணமியோ தை பௌர்ணமியோ கழிந்து ஏழு நாள் ஆன விடியற்காலையில் மொட்டைமாடிக்குப் போங்கள். பாதிக்குக் கொஞ்சம் பெரிதான நிலா மேற்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். அதுதான் சப்தமி. ஆகாசத்திலேயே தேதி எழுதியிருக்கிறது! ‘இன்று ஜனவரி 12’ என்பது எந்த ஆகாசத்திலும் எழுதியிருக்காது. அதற்கு யாராவது அச்சடித்துத் தரவேண்டும்.

பிறந்தநாளைச் சந்திரனோடு முடிந்துவைத்ததற்கு இது ஒரு காரணம். அச்சு இல்லாத காலத்தில் எல்லா ஊரிலும் தெரியக்கூடிய கடிகாரம் அது ஒன்றுதான். ஆனால், அச்சு வந்து எத்தனையோ காலமாகிவிட்டதே, இன்னும் ஏன் விடவில்லை?

கபாலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பாருங்கள். குருக்கள் என்ன கேட்கிறார்? பேர், நட்சத்திரம், கோத்திரம். டேட் ஆஃப் பர்த் கேட்கிறாரா? கேட்கமாட்டார். எந்தப் பூஜையாக இருந்தாலும் ஆரம்பத்தில் சங்கல்பம் என்று ஒன்று செய்வார்கள். அதில் வருஷத்தின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று வரிசையாகச் சொல்லி, ‘இந்த நேரத்தில் இதைச் செய்கிறேன்’ என்பார்கள். பூஜைக்கு அதுதான் விலாசம். அந்த விலாசத்தில் ஜனவரிக்கு இடமே கிடையாது. ஆகவே, பூஜைக்கு உரியவராக ஒருவர் ஆகிவிட்டால் அவருடைய பிறந்தநாளும் அந்த விலாசத்துக்குக் குடிபோய்விடுகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஜயந்தி என்பது வயசை எண்ணுகிற விஷயம் அல்ல. மயிலாப்பூரில் அவதரித்தவர் என்று சொல்லப்படும் பேயாழ்வாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த வருஷம் பிறந்தார்? ஆராய்ச்சியாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள், அதிலும் ஒத்துப்போகமாட்டார்கள். ஆனால், ஐப்பசி சதயம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அந்த நட்சத்திரத்துக்கு உற்சவம் நடந்துகொண்டேயிருக்கிறது. வருஷம் தொலைந்துவிட்டது, நாள் தொலையவில்லை. ‘எத்தனையாவது பிறந்தநாள்?’ என்ற கேள்விக்கே அங்கு வேலை இல்லை. நட்சத்திரம் சுற்றிச் சுற்றி வரும், அவரும் வருஷத்துக்கு ஒருமுறை பிறந்துகொண்டேயிருப்பார்.

இங்கே ஒரு சின்ன வித்தியாசத்தையும் சொல்லிவிடவேண்டும். பேயாழ்வாருக்கு நட்சத்திரம், சில தெரு தள்ளி இருக்கும் மடத்தில் விவேகானந்தருக்குத் திதி. தமிழ்நாட்டில் பிறப்புக்கு நட்சத்திரம் பார்ப்போம், இறப்புக்குத்தான் திதி. நம்மிடம் ‘திதி’ என்றாலே திவசம் ஞாபகம் வருவது அதனால்தான். வங்காளத்தில் பிறப்புக்கும் திதி பார்க்கும் வழக்கம். மயிலாப்பூர் மடத்தின் தலைமையகம் கொல்கத்தா பக்கத்தில் இருக்கும் பேலூர் மடம். அங்கே ‘விசுத்த சித்தாந்த பஞ்சிகை’ என்கிற பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதிகளைக் குறிக்கிறார்கள். அதனால் மயிலாப்பூரிலும் அதே திதி பூஜை. இரண்டுமே சந்திரனை வைத்துத்தான். ஒன்று சூரியனிலிருந்து சந்திரன் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறது, இன்னொன்று எந்த நட்சத்திரக் கூட்டத்தில் சந்திரன் நிற்கிறது என்று பார்க்கிறது.

சரி, தலைவர்களுக்கு வருவோம்.

தி.நகர் திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஜூலை 15 அவர் பிறந்தநாள். கல்வி வளர்ச்சி நாள் என்று தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் கொண்டாடுகின்றன. காமராஜர் என்ன நட்சத்திரம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்களேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் முழிப்பார்கள்.

காரணம் ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. அரசாங்கம் காகிதத்தில் ஓடுகிற வண்டி. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பள்ளிக்கூடம், சர்ட்டிபிகேட், உத்தியோகம், ஓய்வு வயது, பென்ஷன் இது எல்லாவற்றுக்கும் ‘எத்தனை வயசு?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் வேண்டும். கார்த்திகை மூலத்தில் பிறந்தவனுக்கு எந்தத் தேதியில் 58 வயது முடிகிறது என்று ஏ.ஜி. ஆபீஸ் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா?

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு உடனே ஞாபகம் வருவது 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதன் 25-வது பிரிவு என்ன சொல்கிறது? ஓர் உண்டியலோ பிராமிசரி நோட்டோ பொது விடுமுறையன்று முதிர்ந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் எந்த நாள் விடுமுறை என்று கடன் வாங்கியவனுக்கும் கொடுத்தவனுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அரசு விடுமுறைப் பட்டியல் என்பது உண்மையில் பணம் சம்பந்தப்பட்ட சமாசாரம். அந்தப் பட்டியலில் காந்தி ஜயந்தி எப்போதும் அக்டோபர் 2. குருநானக் ஜயந்திக்கோ புத்த பூர்ணிமாவுக்கோ ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கணக்குப் போட்டு அறிவிக்கவேண்டும். அந்தப் பண்டிகைத் தேதிகளைக் கணித்து ‘ராஷ்ட்ரீய பஞ்சாங்கம்’ வெளியிடுவதற்கென்றே கொல்கத்தாவில் மத்திய அரசின் வானியல் மையம் ஒன்று இருக்கிறது. ஆக, அரசாங்கத்துக்குத் திதி தெரியாது என்பதல்ல. தானே புதிதாக ஒரு நாளை ஏற்படுத்தும்போது தேதியைத்தான் எடுக்கும்.

காகிதத்துத் தேதி நிஜமானதாக இருக்கவேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. இதே மயிலாப்பூரில், இன்று தன் பெயரைத் தாங்கி நிற்கும் சாலையில் வாழ்ந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5-ஐ 1962-லிருந்து ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவருடைய மகன், சரித்திர ஆசிரியர் எஸ். கோபால், அப்பாவின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். பதிவேட்டில் இருப்பது 1888 செப்டம்பர் 5. ஆனால், தான் நிஜமாகப் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் நினைத்திருந்தாராம்! இருந்தாலும் காகிதம்தான் ஜெயித்தது. உங்கள் வீட்டிலேயே பாருங்கள். அந்தக் காலத்தில் ஸ்கூலில் சேர்த்த தாத்தா, பெரியப்பா பலருடைய சர்ட்டிபிகேட்டில் பிறந்த தேதி மே, ஜூன் என்றே இருக்கும். ஹெட்மாஸ்டர் போட்ட தேதி! ஆனால், நட்சத்திரம் கேட்டால் டக்கென்று சொல்வார்கள். சஷ்டியப்தபூர்த்திக்கு அதைத்தான் பார்த்தார்கள். ரிடையர்மென்டுக்கு ஹெட்மாஸ்டர் தேதி.

அப்படியானால் தலைவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தேதிதானா? இல்லை. காந்தியே சாட்சி. 1869 அக்டோபர் 2 அன்று குஜராத்திக் கணக்கில் பாதர்வா மாதத்துத் தேய்பிறைத் துவாதசி. குஜராத்தில் அந்தத் திதியை ‘ரேன்டியா பாரஸ்’ என்று கொண்டாடினார்கள். பாரஸ் என்றால் துவாதசி, ரேன்டியா என்றால் ராட்டை. என் பிறந்தநாள் என்று கொண்டாடுவதைவிட ராட்டையின் பிறந்தநாள் என்று கொண்டாடுங்கள் என்பது காந்தியின் விருப்பம். அவர் நிறுவிய குஜராத் வித்யாபீடத்தில் அந்த வழக்கம் தொடர்ந்து வந்தது. அதாவது, ஊருக்குள் திதி, ஊரைத் தாண்டியதும் தேதி. நம்ம ஊர் பஞ்சாங்கமும் குஜராத்திப் பஞ்சாங்கமும் மாதப் பெயரிலேயே ஒத்துப்போகாது. மகாராஷ்டிரத்தில் ஒன்று, வங்காளத்தில் ஒன்று. தேசம் முழுவதும் ஒரே நாளில் ஒருவரைக் கொண்டாட வேண்டுமென்றால், எல்லோருக்கும் பொதுவாக அப்போது இருந்தது வெள்ளைக்காரனின் காலண்டர் மட்டுமே. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நேரு அரசு மேக்நாத் சாகா தலைமையில் 1952-ல் ஒரு கமிட்டி போட்டு, 1957 மார்ச்சில் சக வருஷத் தேசிய நாட்காட்டியைக் கொண்டுவந்தது. அரசிதழ் தலைப்பில் அந்தத் தேதி இன்னும் இருக்கிறது. எந்தத் தலைவர் பிறந்தநாளும் அதன்படி வருவதில்லை.

(அடையாறில் ஒரு விதிவிலக்கு உண்டு. தியசாபிகல் சொசைட்டியை நிறுவிய பிளவாட்ஸ்கி அம்மையார் இறந்தது 1891 மே 8. வருஷா வருஷம் மே 8 அன்று ‘வெண்தாமரை நாள்’ என்று கீதை வாசித்து நினைவுகூர்கிறார்கள். விஷயம் கிட்டத்தட்ட குருபூஜை, ஆனால் தேதிப்படி. ரஷ்யாவில் பிறந்து லண்டனில் இறந்தவருக்கு யார் திதி பார்ப்பது?)

இப்போது விவேகானந்தருக்குத் திரும்பி வருவோம். அவருடைய இரண்டு பிறந்தநாள்களில் எது எப்போது முன்னுக்கு வந்தது என்பதற்கு ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. தபால்தலை!

1963 அவருடைய நூற்றாண்டு. நம் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் வந்ததும் அதையொட்டித்தான். 1897 பிப்ரவரியில், அமெரிக்காவில் புகழ் பெற்றுத் திரும்பி வந்த விவேகானந்தர் தங்கிய வீடு அது. அந்த வருஷமே ராமகிருஷ்ணானந்தர் வந்து சென்னை மடத்தைத் தொடங்கியதும் அங்கேதான். மயிலாப்பூருக்கு அது பிறகுதான் வந்தது. அந்த நூற்றாண்டுக்கு இந்திய அரசு 15 நயா பைசா தபால்தலை ஒன்று வெளியிட்டது. எந்த நாளில் தெரியுமா? ஜனவரி 12 அல்ல, ஜனவரி 17. பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அந்த வருஷம் பௌஷ கிருஷ்ண சப்தமி ஜனவரி 17! சுதந்திர இந்தியாவின் தபால் இலாகா திதி பார்த்திருக்கிறது.

பிறகு 1984-ல் மத்திய அரசு ஓர் அறிவிப்பு செய்தது. ஐ.நா. சபை 1985-ஐ சர்வதேச இளைஞர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. அதையொட்டி, இனி விவேகானந்தர் பிறந்தநாள் தேசிய இளைஞர் தினம். தேதி, ஜனவரி 12. அடுத்து 150-வது ஆண்டு வந்தது. மறுபடி தபால்தலைகள். வெளியிட்டது 2013 ஜனவரி 12. அந்த வருஷம் திதி அதற்கு மூன்று வாரம் தள்ளி, பிப்ரவரியில்தான் வந்தது. யாரும் அதற்குக் காத்திருக்கவில்லை.

1963-ல் மடம் எடுத்த விழாவுக்கு அரசாங்கம் விருந்தாளியாக வந்தது, அதனால் மடத்தின் நாள். 1985-லிருந்து அரசாங்கமே வீட்டுக்காரர், அதனால் அரசாங்கத்தின் நாள். என் கணக்கில் ‘சாமியாரா, தலைவரா’ என்ற கேள்வியைவிட ‘விழா எடுப்பது யார்’ என்ற கேள்விதான் நாளைத் தீர்மானிக்கிறது. மடம் இதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டையும் கொண்டாடுகிறது, பூஜை ஒரு நாள், இளைஞர்களுக்கு நிகழ்ச்சி ஒரு நாள். சொல்லப்போனால் இந்த விட்டுக்கொடுத்தல் அவர்களுக்குப் பழக்கமானதுதான். ராமகிருஷ்ணர் ஜயந்தியைப் பேலூரில் திதியன்று பூஜையாகவும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுவிழாவாகவும் கொண்டாடுவது நெடுநாள் வழக்கம். ஆபீஸ் போகிற பக்தர்களுக்கு லீவு வேண்டாமா?

இதில் ஒரு சின்னக் குடைச்சல். விவேகானந்தர் பிறந்தது சூரியோதயத்துக்குச் சில நிமிஷங்கள் முன்னால் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இங்கிலீஷ் கணக்கில் நள்ளிரவிலேயே நாள் மாறிவிடும், ஆகவே திங்கட்கிழமை. நம் கணக்கில் சூரியன் உதித்தால்தான் நாள் மாறும், ஆகவே அது இன்னும் ஞாயிற்றுக்கிழமை! திதிக்கும் இதே தகராறு உண்டு. ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் நீளலாம். சில சமயம் ஓர் உதயத்துக்குப் பின் ஆரம்பித்து அடுத்த உதயத்துக்குள் முடிந்தே போகும். அப்போது எந்த நாளில் கொண்டாடுவது என்று சாஸ்திரம் பார்த்துத் தீர்க்கவேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் இன்னொன்று சொல்லும். நட்சத்திரத்திலும் அப்படித்தான். 27 நாளில் சுற்றி வந்துவிடுவதால் ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு முறை வரும். அப்போது பெரும்பாலும் பின்னதை எடுப்பார்கள். நாடு முழுவதும் ஒரே நாளில் பேச்சுப் போட்டி நடத்த நினைக்கும் அதிகாரிக்கு இது ஒத்துவருமா?

மடம் இரண்டையும் கொண்டாடி நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதி வாய்க்காத ஒருவரும் மயிலாப்பூரில் இருக்கிறார். வள்ளுவர்.

முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் வள்ளுவருக்குக் கோயில் இருக்கிறது. அங்கே அவர் தெய்வம், வாசுகி அம்மையாரோடு சந்நிதி. அவதரித்தது வைகாசி அனுஷம் என்பது அந்தப் பாரம்பரியம். ஒரு காலத்தில் அரசும் இதே கணக்கில் போனது. 1966-ல் வள்ளுவர் நாள் கொண்டாடியது ஜூன் 2-ல். அந்த வருஷத்து வைகாசி அனுஷம் அதுதான். பிறகு பொங்கலுக்கு மறுநாள், தை 2, திருவள்ளுவர் நாள் ஆனது. இந்தத் தேர்வை நன்றாகக் கவனியுங்கள். அது நட்சத்திரம் இல்லை, திதி இல்லை, இங்கிலீஷ் தேதியும் இல்லை. சூரியனை வைத்து எண்ணும் தமிழ்த் தேதி. பஞ்சாங்கக்காரரையும் கேட்கவேண்டாம், வெள்ளைக்காரனிடமும் கடன் வாங்கவேண்டாம். வள்ளுவரைத் தெய்வப்புலவர் என்ற இடத்திலிருந்து தமிழினத்தின் ஆசான் என்ற இடத்துக்குக் கொண்டுவர நினைத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைத்திருக்காது.

சண்டை அதோடு தீரவில்லை. 2024 மே 24 அன்று, அந்த வருஷத்து வைகாசி அனுஷத்தில், ஆளுநர் மாளிகையில் வள்ளுவர் திருநாள் விழா நடந்து சர்ச்சையானது. வைகாசி அனுஷத்தையே வள்ளுவர் பிறந்தநாளாக அறிவிக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கும் இருந்தது. அதே 2024-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த நாளில்தான் பிறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, அரசும் தை 2-ஐ வள்ளுவர் ‘நாள்’ என்றுதான் சொல்கிறதே தவிர ‘பிறந்தநாள்’ என்று சொல்லவில்லை என்பது அதன் சாரம்.

தை 2 அன்று அமைச்சர்கள் மாலை போடுவது மெரினா காமராஜர் சாலையில் இருக்கும் வள்ளுவர் சிலைக்கு. வைகாசி அனுஷத்தன்று முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்து வள்ளுவருக்கு அபிஷேகம், அர்ச்சனை.